வழி தெரிந்த செல்
ஸ்டெம் செல் என்றால் என்ன? அதை வைத்து மருத்துவத்தால் இன்று முடிவது எது, முடியாதது எது?

தலசீமியா என்ற பிறவி ரத்தக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கும் நாள். குழந்தை அறுவை அரங்குக்குப் போவதில்லை, தன் கட்டிலிலேயே இருக்கிறது. பக்கத்துக் கம்பியில் ஒரு பை தொங்குகிறது. அதிலிருக்கும் சிவந்த திரவம், மார்பில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாகச் சில மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக உடலுக்குள் இறங்கிவிடுகிறது. பார்ப்பவர்களுக்கு வழக்கமாக ரத்தம் ஏற்றுவதைப் போலத்தான் தோன்றும்.

அந்தக் குழந்தையின் எலும்புக்குள் யாரும் எதையும் செலுத்தவில்லை. பையிலிருந்த செல்கள் ரத்த ஓட்டத்தில் சுற்றித் திரிந்து, மஜ்ஜை இருக்கும் இடத்தைத் தாமே கண்டுபிடித்து, ரத்தக் குழாயின் சுவரைக் கடந்து உள்ளே போய்க் குடியேறுகின்றன. இரண்டு முதல் நான்கு வாரங்களில் புதிய ரத்தம் உற்பத்தியாகத் தொடங்குகிறது.

ஸ்டெம் செல் மருத்துவத்தில் இன்று எது நடக்கும், எது நடக்காது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பயணமே நல்ல தொடக்கம். ரத்தத்தின் ஸ்டெம் செல்லுக்குத் தன் இடம் தெரியும், தன் வேலையும் தெரியும். மூளை, விழித்திரை, கணையம் என்று மற்ற உறுப்புகளுக்கு வரும்போது அந்த இரண்டையும் மருத்துவம்தான் ஏற்பாடு செய்து தர வேண்டியிருக்கிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

தீராத ஊற்று

நம் உடலின் பெரும்பாலான செல்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்கென்றே உருவானவை. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமக்கும். அதற்கு உட்கரு கிடையாது, பிரிந்து பெருகவும் முடியாது. ஏறத்தாழ 120 நாள் ஓடிவிட்டு அழிந்துபோகும். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் ஆயுள் அதைவிடக் குறைவு, பத்து நாளைத் தாண்டுவதே அரிது. இந்தக் கழிவை ஈடுகட்ட, வளர்ந்த ஒருவரின் உடல் ஒவ்வொரு விநாடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களைப் புதிதாக உருவாக்குகிறது. எண்பது வயது வரைக்கும் இந்த உற்பத்தி நிற்காமல் நடக்க வேண்டுமானால், தான் தீர்ந்துபோகாமல் பிறவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் செல் ஒன்று உடலில் இருந்தாக வேண்டும். அதுதான் ஸ்டெம் செல்.

அது பிரியும்போது பிறக்கும் செல்களில் ஒரு பங்கு சிவப்பணுவாகவோ வெள்ளையணுவாகவோ மாறும் பாதையில் போகும். இன்னொரு பங்கு ஸ்டெம் செல்லாகவே தங்கும். விளைந்ததில் சாப்பாட்டுக்கு எடுத்ததுபோக விதைநெல்லைத் தனியே வைப்பது போன்ற ஏற்பாடு இது. தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்வது, வேறு வகைச் செல்களை உருவாக்குவது ஆகிய இரண்டு தன்மைகளும் சேர்ந்திருந்தால்தான் ஒரு செல்லை ஸ்டெம் செல் என்று சொல்ல முடியும்.

இப்படி ஒரு செல் இருக்கிறது என்பதற்குச் சோதனை வழியான சான்று 1961இல் கனடாவின் டொரான்டோ நகரில் கிடைத்தது. இயற்பியலாளர் ஜேம்ஸ் டில், மருத்துவர் எர்னஸ்ட் மெக்கல்லக் ஆகிய இருவரும் சுண்டெலிகளின் மஜ்ஜையைக் கதிர்வீச்சால் அழித்துவிட்டு, வேறு எலிகளின் மஜ்ஜைச் செல்களை ஊசியில் ஏற்றினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது அந்த எலிகளின் மண்ணீரலில் சின்னச் சின்ன முடிச்சுகள் தென்பட்டன. ஒவ்வொரு முடிச்சிலும் பலவகை ரத்தச் செல்கள் இருந்தன. எத்தனை முடிச்சுகள் என்பது எவ்வளவு மஜ்ஜை ஏற்றப்பட்டது என்பதைப் பொறுத்தே அமைந்தது. ஒவ்வொரு முடிச்சும் ஒரே ஒரு செல்லிலிருந்து வளர்ந்தது என்பதை அவர்கள் குழு 1963இல் உறுதிப்படுத்தியது. மஜ்ஜைக்குள் இருக்கும் செல்களில் மிகச் சிறிய பகுதிக்கே அந்தத் திறன் உண்டு என்பதும் தெரியவந்தது.

இங்கே ஓர் எல்லையையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கரு உருவான முதல் சில நாட்களில் அதில் இருக்கும் செல்கள் உடலின் எந்தச் செல்லாகவும் மாற வல்லவை. பிறந்த பிறகு நம் உடலில் எஞ்சியிருக்கும் ஸ்டெம் செல்கள் அப்படிப்பட்டவை அல்ல. மஜ்ஜையில் உள்ளது ரத்தத்தை உண்டாக்கும், தோலில் உள்ளது தோலை உண்டாக்கும், குடலில் உள்ளது குடலின் உட்படலத்தை உண்டாக்கும். மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்லை முதுகுத்தண்டில் ஊசியாகப் போட்டால் அது நரம்பாக மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பல விளம்பரங்கள் இந்த எல்லையைத்தான் சொல்லாமல் மறைக்கின்றன.

ஒரு குழந்தை, ஒரு பை, ஏழரைக் கோடி செல்கள்

எடுத்துக்காட்டாக, 15 கிலோ எடையுள்ள ஐந்து வயதுக் குழந்தைக்குத் தீவிரத் தலசீமியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினின் ஒரு பகுதியை உருவாக்கும் மரபணு அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் பழுதாகவே வந்திருக்கிறது. அதனால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றும் ஒவ்வொரு பையோடும் இரும்புச்சத்து சேர்கிறது. அதை வெளியேற்ற உடலுக்கு இயல்பான வழி இல்லை என்பதால் கல்லீரலிலும் இதயத்திலும் தங்கி அவற்றைச் சிதைக்கிறது. அதைத் தடுக்க இரும்பை வெளியேற்றும் மருந்தையும் விடாமல் எடுக்க வேண்டும்.

பழுது இருப்பது ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லில். ஆகவே அந்தச் செல்லையே மாற்றிவிட்டால் நோய் தீரும். அதற்கு முதலில் பொருத்தமான கொடையாளர் வேண்டும். பார்க்க வேண்டியது ரத்த வகுப்பை அல்ல. எச்.எல்.ஏ. என்ற திசு அடையாளங்கள் பொருந்த வேண்டும். இந்த அடையாளங்களின் ஒரு தொகுதி அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வருவதால், உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான் உண்டு. அண்ணனோ தங்கையோ பொருந்தினால், மயக்க மருந்து கொடுத்து அவரது இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை உறிஞ்சி எடுப்பார்கள். சில வாரங்களில் அது மீண்டும் ஊறிவிடும்.

எடுத்த திரவத்தில் வேண்டிய செல்கள் எத்தனை என்பதை அளக்க வேண்டும். ரத்த ஸ்டெம் செல்களின் மேற்பரப்பில் சி.டி. 34 என்ற புரதம் இருப்பதால், அதை அடையாளமாக வைத்து எண்ணுகிறார்கள். நோயாளியின் ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 20 லட்சம், முடிந்தால் 50 லட்சம் செல்கள் கிடைக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். நம் குழந்தைக்கு அது சுமார் ஏழரைக் கோடி.

அந்தப் பை ஏறுவதற்கு முந்தைய ஒரு வாரம்தான் சிகிச்சையின் கடுமையான கட்டம். பழைய மஜ்ஜையை அழித்து இடம் ஒதுக்கவும், புதிய செல்களைத் தாக்கிவிடாதபடி எதிர்ப்புச் சக்தியை ஒடுக்கவும் வீரியமான மருந்துகளைக் கொடுக்கிறார்கள். வெள்ளையணுக்கள் ஏறக்குறைய இல்லாத நிலைக்குக் குழந்தை வந்துவிடும். வாயெல்லாம் புண்ணாகும், முடி கொட்டும், சாதாரணக் கிருமிகூட உயிருக்கு ஆபத்தாகலாம். அதனால்தான் வடிகட்டிய காற்று வரும் தனி அறையில் வைக்கிறார்கள்.

பிறகு பை ஏறுகிறது. மஜ்ஜையில் இருக்கும் தாங்கு செல்கள் ஒரு வேதிச் சமிக்ஞையைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. ரத்த ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் அதை உணரும் ஏற்பி இருக்கிறது. அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு செல் தன் இடத்துக்குப் போய்ச் சேர்கிறது. கொடையாளரின் கையிலிருந்து ரத்தம் எடுப்பதுபோல ஸ்டெம் செல்லை எடுக்கும் முறை ஒன்று உண்டு. அது இதே பிடிப்பை எதிர்த்திசையில் பயன்படுத்துகிறது. நான்கைந்து நாட்கள் ஊசி போட்டு, மஜ்ஜையில் ஒட்டியிருக்கும் பிடியைத் தளர்த்தி, செல்களை ரத்தத்துக்கு வரவழைத்து, இயந்திரத்தின் மூலம் பிரித்தெடுக்கிறார்கள். சென்னையை மையமாகக் கொண்டு 2009 முதல் இயங்கும் தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் வழியாக, குடும்பத்தில் பொருத்தம் கிடைக்காதவர்களுக்கு முன்பின் தெரியாதவர்கள் இவ்வாறு கொடை தருகிறார்கள்.

செல்கள் குடியேறிவிட்டனவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு மைக்ரோலிட்டரில் 500க்கு மேல் தொடர்ந்து மூன்று நாள் நின்றால் வேர் பிடித்துவிட்டது என்று கொள்கிறார்கள். அதற்குப் பிறகும் அவ்வப்போது, ரத்தத்தில் கொடையாளரின் மரபணு கொண்ட செல்கள் எத்தனை விழுக்காடு என்று பார்ப்பார்கள். முழுக்க முழுக்க நூறு விழுக்காடாக இருக்க வேண்டும் என்பதில்லை. தலசீமியாவில் கொடையாளரின் செல்கள் கால் பங்கு அளவுக்கு நிலைத்து நின்றாலே ரத்தம் ஏற்றாமல் வாழும் குழந்தைகள் உண்டு. ஆனால் அந்த விழுக்காடு மாதாமாதம் இறங்கிக்கொண்டே போனால் பழைய மஜ்ஜை திரும்பி வருகிறது, நோயும் திரும்பலாம் என்று அர்த்தம்.

இன்னொரு ஆபத்து எதிர்ப்பக்கத்திலிருந்து வருவது. புதிய மஜ்ஜையிலிருந்து வரும் எதிர்ப்பு அணுக்கள் குழந்தையின் உடலையே அந்நியமாகக் கருதித் தாக்கலாம். உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பு, நிற்காத வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை ஆகிய மூன்றும் அதன் முதல் அடையாளங்கள். இதைத் தடுக்கப் பல மாதங்கள் மருந்து கொடுக்கிறார்கள். குழந்தைப் பருவத்தில் போட்ட தடுப்பூசிகளின் பலனும் பெரும்பாலும் போய்விடுவதால் அவற்றை மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

இத்தனையும் தாண்டி வருபவர்கள் எத்தனை பேர்? உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்தி, கல்லீரல் இன்னும் கெடாத சிறு வயதில், அனுபவமுள்ள மையத்தில் செய்தால் பத்தில் எட்டு ஒன்பது குழந்தைகள் தலசீமியாவிலிருந்து விடுபடுகிறார்கள். இரும்பு சேர்ந்து கல்லீரல் வீங்கித் தழும்பேறிய பிறகு செய்தால் அந்த எண்ணிக்கை குறைகிறது. ஆகவே நோய் உறுதியானதுமே உடன்பிறந்தவர்களின் எச்.எல்.ஏ. பொருத்தத்தைப் பார்க்கும்படி மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இந்த மாற்று சிகிச்சை நடந்துவருகிறது.

சொந்தச் செல்லையே திருத்துவது

பொருந்தும் கொடையாளரே இல்லாவிட்டால்? நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்லை வெளியே எடுத்து, பழுதைச் சரிசெய்து, திரும்ப ஏற்றிவிடலாம் என்ற வழி இப்போது திறந்திருக்கிறது. 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் அளித்த காஸ்ஜெவி என்ற சிகிச்சை அப்படிப்பட்டது. பழுதான மரபணுவை அது தொடுவதில்லை. கருவிலிருக்கும்போது எல்லோரும் வேறொரு வகை ஹீமோகுளோபினை உற்பத்தி செய்கிறோம். பிறந்த பிறகு அதை நிறுத்திவைக்கும் விசையைக் கிரிஸ்பர் முறையில் செயலிழக்கச் செய்துவிட்டால், அந்தப் பழைய ஹீமோகுளோபின் மீண்டும் சுரந்து தலசீமியாவின் குறையை நிரப்புகிறது. சொந்தச் செல் என்பதால் உடலைத் தாக்கும் ஆபத்து இல்லை. ஆனால் மஜ்ஜையை அழிக்கும் அந்தக் கடுமையான மருந்து இங்கேயும் தேவை. அமெரிக்காவில் இதன் விலை ஒருவருக்கு 22 லட்சம் டாலர்.

வேலூரிலேயே நடந்த ஓர் ஆய்வு இன்னொரு படி போனது. ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணி இல்லாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு, அவர்களது ஸ்டெம் செல்லுக்குள் அந்தக் காரணியின் மரபணுவைத் தீங்கற்றதாக்கிய ஒரு வைரஸின் மூலம் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். மருத்துவர் அலோக் ஸ்ரீவஸ்தவா தலைமையிலான குழு 2024 டிசம்பரில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியிட்ட அறிக்கையின்படி, கண்காணித்த காலத்தில் அந்த ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு ஏற்படவில்லை. ஐந்து பேர் என்பது தொடக்கம் மட்டுமே. ஆனாலும் ரத்த ஸ்டெம் செல்லின் பயணத்தை மருத்துவம் எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அது எதைச் சுமந்து போனாலும் மஜ்ஜைக்குப் போய்ச் சேர்ந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது.

தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்க வேண்டுமா?

பிரசவத்துக்கு நாள் குறித்த குடும்பங்களில் இன்று தவறாமல் எழும் கேள்வி இது. தொப்புள்கொடியில் ரத்த ஸ்டெம் செல்கள் இருப்பது உண்மை. 1988இல் பாரிஸில் எலியான் குளுக்மன் என்ற மருத்துவர், ஃபான்கோனி ரத்தசோகை கொண்ட ஒரு சிறுவனுக்கு அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தத்தை ஏற்றிக் குணப்படுத்தினார்.

அந்த நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏற்றியது தங்கையின் ரத்தம். அவனுடைய சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பில் இருந்திருந்தாலும் பயன்பட்டிருக்காது, ஏனென்றால் அதிலும் அதே மரபணுப் பழுது இருந்திருக்கும். தலசீமியாவோடு பிறந்த குழந்தைக்கும் இதே நிலைதான். ரத்தப் புற்றுநோயிலும் பல சமயங்களில், நோய்க்கு வித்திட்ட மாற்றம் பிறக்கும்போதே தொப்புள்கொடி ரத்தத்தில் இருந்திருக்கலாம் என்பதால் சொந்தச் செல்லை மருத்துவர்கள் விரும்புவதில்லை. மேலும் ஒரு தொப்புள்கொடியில் கிடைக்கும் ரத்தம் பெரும்பாலும் 100 மில்லிக்குள் அடங்கிவிடும். சிறு குழந்தைக்கு அது போதலாம், வளர்ந்த ஒருவரின் எடைக்குப் பெரும்பாலும் போதாது.

இந்தக் காரணங்களால், எதிர்காலத்துக்கான காப்பீடுபோல ஆரோக்கியமான குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைத் தனியார் வங்கியில் பணம் கட்டிச் சேமிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இந்தியக் குழந்தைகள் மருத்துவர் சங்கமும் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குத் தலசீமியா போன்ற நோய் இருந்து, அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது என்றால் நிலைமை வேறு. அப்போது பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிப்பதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது.

சுண்ணாம்பு பட்ட கண்

ரத்தத்துக்கு வெளியே, ஸ்டெம் செல் நிரூபணமான சிகிச்சையாக நிலைபெற்ற இடங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று கருவிழியின் மேற்பரப்பு.

வெற்றிலைக்குப் பயன்படுத்தும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தைகள் அழுத்தி விளையாடும்போது அது வெடித்துக் கண்ணில் தெறிப்பது இந்தியக் கண் மருத்துவமனைகள் அடிக்கடி காணும் விபத்து. சுண்ணாம்பு காரம் மிகுந்தது. கருவிழியும் வெண்விழியும் சேரும் வட்ட விளிம்பில்தான் கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்கள் வாழ்கின்றன. அந்த விளிம்பு வெந்துபோனால் கருவிழியின் மேல் வெண்படலமும் ரத்தக் குழாய்களும் படர்ந்து பார்வையை மூடிவிடும். இந்த நிலையில் கண்தானத்தில் கிடைத்த கருவிழியை மட்டும் பொருத்தினால் நிற்காது, அதன் மேற்பரப்பைப் புதுப்பிக்க ஸ்டெம் செல்கள் இல்லை அல்லவா?

ஐரோப்பாவில் இத்தாலிய ஆய்வாளர்கள் நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து செல்களை எடுத்து ஆய்வகத்தில் தகடாக வளர்த்துப் பொருத்தும் முறையை உருவாக்கினார்கள். 2015இல் அது ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வான் குழுவினர் ஆய்வகமே தேவைப்படாத வழியை 2012இல் வெளியிட்டனர். நல்ல கண்ணிலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு துணுக்கை எடுத்து, அதை எட்டுப் பத்துச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, பாதிக்கப்பட்ட கருவிழியின் மேல் பனிக்குடச் சவ்வை விரித்து அதன்மேல் ஒட்டிவிடுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலிருந்தும் செல்கள் பரவி ஒன்றோடொன்று சேர்ந்து புதிய மேல்தோலாகின்றன. எல்லாம் ஒரே அறுவைச் சிகிச்சையில் முடிகிறது.

எல்லை இங்கேயும் தெளிவாக இருக்கிறது. கருவிழியின் ஆழத்தில் தழும்பு இருந்தால் பிறகு கருவிழி மாற்றும் தேவைப்படலாம். இரண்டு கண்ணும் வெந்துபோனவருக்குத் துணுக்கு எடுக்கச் சொந்தக் கண் இல்லை. வேறொருவரிடமிருந்து பெற்றால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து வேண்டும். கருவிழியின் செல் விழித்திரையை ஒருபோதும் சரிசெய்யாது.

ஒரே இதழில் இரண்டு செய்திகள்

விழித்திரையின் கதை வேறு. 2017 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டது. இரண்டுமே முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி சிதையும் நோயைப் பற்றியவை, இரண்டிலும் ஸ்டெம் செல் என்ற பெயர் இருந்தது.

முதலாவது ஜப்பானின் கோபே நகரில் மசாயோ தகாஹாஷி குழுவினர் செய்தது. ஷின்யா யமனாகா 2006இல் கண்டுபிடித்த வழியில், நான்கு மரபணுக்களைச் சேர்த்துச் சாதாரணத் தோல் செல்லைக் கருவின் தொடக்க நிலைச் செல்லைப் போல மாற்ற முடியும். எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்ணின் தோல் செல்லை அப்படி மாற்றி, அதிலிருந்து விழித்திரைக்கு அடியில் இருக்கும் நிறமிப் படலத்தை வளர்த்து, அது சரியான செல்தானா, மரபணுவில் ஆபத்தான மாற்றம் ஏதும் உண்டா, எலியில் கட்டி உண்டாகிறதா என்று மாதக்கணக்கில் சோதித்தார்கள். 2014 செப்டம்பரில் 1.3 மில்லிமீட்டருக்கு 3 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு தகட்டை ஒரு கண்ணில் பொருத்தினார்கள். ஓராண்டு கழித்து அது அப்படியே இருந்தது, கட்டி வரவில்லை. பார்வை மேம்படவும் இல்லை, மோசமாகவும் இல்லை. இரண்டாவது நோயாளிக்கான செல்களில் மரபணு மாற்றங்கள் தென்பட்டதும் அவருக்குப் பொருத்தாமல் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டாவது கட்டுரை அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலிருந்து. ஒரு தனியார் மருத்துவமனையில் 72 முதல் 88 வயது வரையுள்ள மூன்று பெண்களின் வயிற்றுக் கொழுப்பை எடுத்து, அதிலிருந்து பிரித்த செல்களை ஸ்டெம் செல் என்று சொல்லி, ஒரே நாளில் இரண்டு கண்களிலும் ஊசியாகப் போட்டார்கள். 5,000 டாலர் கட்டணமும் வாங்கியிருந்தார்கள். சில நாட்களிலேயே ரத்தக்கசிவும் விழித்திரை விலகலும் வந்து மூவரும் பார்வையைப் பெரும்பாலும் இழந்தார்கள். நோய் முற்றுவதற்கு முன் ஓரளவு பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

கொழுப்பிலிருந்து எடுத்த செல் விழித்திரைச் செல்லாக மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. கண்ணுக்குள் அதை வைக்க வேண்டிய இடத்தை அதற்குச் சொல்லித்தர யாரும் இல்லை. கோபேயில் ஒவ்வொரு படியிலும் கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்றுகூட அங்கே கேட்கப்படவில்லை. எதற்கும் கட்டுப்படாத பல்திறன் செல் உடலுக்குள் தப்பிப் போனால் முடி, பல், தசை எல்லாம் கலந்த டெரட்டோமா என்ற கட்டியாக வளரலாம் என்பதால்தான் கோபே குழு அத்தனை மாதம் எடுத்துக்கொண்டது.

நீரிழிவில் தெரியும் வெளிச்சமும் அதன் விலையும்

அண்மையில் வந்த முடிவுகளில் மிகவும் கவனிக்கத்தக்கது முதல் வகை நீரிழிவைப் பற்றியது. இந்த நோயில் இன்சுலின் சுரக்கும் கணையச் செல்களை உடலே அழித்துவிடுகிறது. கருநிலை ஸ்டெம் செல்களிலிருந்து அந்தச் செல்களை ஆய்வகத்தில் உருவாக்கி, கல்லீரலுக்குப் போகும் ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். 2025 ஜூனில் வெளியான அறிக்கையில், முழு அளவான சுமார் 80 கோடி செல்களைப் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள்.

இங்கே செல் கணையத்தைத் தேடிப் போகவில்லை, தேடிப் போகவும் அதற்குத் தெரியாது. கல்லீரலில் தங்கி அங்கிருந்தே சர்க்கரையை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கிறது. இடப் பிரச்சினைக்கு மருத்துவம் கண்ட மாற்று ஏற்பாடு இது. ஆனால் அந்நியச் செல் என்பதால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஆய்வில் சேர்ந்தவர்களில் ஒருவர் மூளையுறைத் தொற்றால் இறந்தார். ஆகவே இப்போதைக்கு இது, சர்க்கரை திடீரென ஆபத்தான அளவுக்கு இறங்கி நினைவு தப்பும் நிலையில் உள்ளவர்களிடமே சோதிக்கப்படுகிறது. இந்தியாவில் பெரும்பாலோருக்கு இருக்கும் இரண்டாம் வகை நீரிழிவு இந்த ஆய்வின் வட்டத்துக்குள்ளேயே வரவில்லை.

மருத்துவமனையில் கேட்க வேண்டியவை

முதுகுத்தண்டு முறிவு, மூளை முடக்குவாதம், ஆட்டிசம் போன்றவற்றுக்கு ஸ்டெம் செல் சிகிச்சை என்று விளம்பரம் செய்யும் இடங்கள் நம் ஊர்களிலும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட மாற்று சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை நோயாளியிடம் பயன்படுத்துவது ஒப்புதல் பெற்ற ஆய்வுக்குள் மட்டுமே நடக்கலாம். அதற்கு வெளியே செய்வது மருத்துவ நெறி மீறலாகக் கருதப்படும்.

அப்படி ஓர் இடத்துக்குப் போக நேர்ந்தால் முதல் கேள்வி, ஏற்றப்போவது எந்தச் செல், அது எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பது. கொழுப்பிலிருந்தோ மஜ்ஜையிலிருந்தோ எடுத்து மூளைக்கு என்றால், அது அங்கே என்னவாக மாறும், அதற்கு மனிதர்களிடம் செய்த எந்த ஆய்வு சான்று என்று அடுத்துக் கேட்க வேண்டும். ஒரே செல்லால் மூட்டு வலியும் ஆட்டிசமும் நீரிழிவும் தீரும் என்று ஒரே துண்டறிக்கையில் சொன்னால், அந்த இடத்தில் மற்ற கேள்விகளுக்குத் தேவையே இருக்காது.

ஆய்வு என்று சொன்னால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் பார்க்கலாம். ஆனால் பதிவு இருப்பது மட்டும் போதாது. ஃபுளோரிடாப் பெண்களில் ஒருவராவது அந்தச் சிகிச்சையை அரசு ஆய்வுப் பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் போனார். ஒழுங்காக நடக்கும் ஆய்வில், சோதித்துப் பார்க்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. இரண்டு கண்ணையும் ஒரே நாளில் தொடுவதில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தையும், என்னென்ன தீங்கு நேரலாம் என்று தமிழில் எழுதிய ஒப்புகைப் படிவத்தையும் கையெழுத்துக்கு முன்னரே தந்து, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அவகாசம் கொடுப்பார்கள். அந்தக் காகிதங்களைக் குடும்ப மருத்துவரிடமோ அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் சம்பந்தப்பட்ட துறையிலோ காட்டிக் கருத்துக் கேட்க ஒரு நாள் போதும்.